மார்ச்சில் விற்ற டாலர், ஏப்ரலில் வந்த ரூபாய்: எந்தத் தேதியின் விகிதத்தைப் போடுவது?

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு டாலரில் இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள். நான்கு வாரம் கழித்து உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ரூபாயாக வந்து விழுகிறது. கணக்கு எழுத உட்காரும்போது கண்முன் இருக்கும் ரூபாய்த் தொகை அது ஒன்றுதான். அதையே விற்பனை என்று எழுதிவிடுகிறீர்கள். வங்கிக் கணக்கோடு பைசா பிசகாமல் ஒத்துப்போகிறது, மனம் நிம்மதியாகிறது.

சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. எந்தத் தேதியின் விகிதத்தைப் போட்டாலும் கடைசியில் கைக்கு வந்த பணம் மாறப்போவதில்லை. அதனால் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது இந்தத் தவறை ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. மாறுவது வேறு இரண்டு: வந்த பணத்தில் எவ்வளவு விற்பனை, எவ்வளவு விகித மாற்றத்தால் வந்த செலாவணி லாபநட்டம் என்ற பிரிவு, அந்த விற்பனை எந்த மாதத்தில், எந்த நிதியாண்டில் விழுகிறது என்பது. ஜி.எஸ்.டி. படிவமும் ஆண்டுக் கணக்கும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன.

இந்தியாவில் இருந்து மென்பொருள், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு போன்ற சேவைகளை ஏற்றுமதி செய்யும் தனிநபர்களையும் சிறு நிறுவனங்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். சரக்கு ஏற்றுமதிக்கு விதி வேறு. அதற்கு இடையில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் தேதியைப் பிடியுங்கள்

ஒரு டாலர் விற்பனையைச் சுற்றிக் குறைந்தது நான்கு தேதிகள் இருக்கும்: வேலை முடிந்த தேதி, இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி, கணக்கில் பதிவு செய்யும் தேதி. இவற்றில் கடைசியானதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஆனாலும் பல கணக்குப் புத்தகங்களில் அதன் விகிதம்தான் உட்கார்ந்திருக்கிறது. மாதக் கடைசியில் மொத்தமாகப் பதிவு போடும்போது அன்றைய விகிதத்தையே எல்லா இன்வாய்ஸுக்கும் தட்டிவிடுவதால் வரும் வினை.

ஜி.எஸ்.டி.யில் இதற்கு நேரடியான விதி உண்டு. மத்திய ஜி.எஸ்.டி. விதிகள் 2017இன் 34ஆம் விதி, சேவைகளின் மதிப்பை ரூபாய்க்கு மாற்றும்போது, வழங்கல் நேரம் என்று சட்டம் சொல்லும் தேதியின் விகிதத்தை, பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கியல் கொள்கைகளின்படி எடுக்கச் சொல்கிறது. வழங்கல் நேரம் எது என்பது சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. சேவை முடிந்து 30 நாட்களுக்குள் இன்வாய்ஸ் போட்டிருந்தால், இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி இரண்டில் எது முந்தியதோ அது. 30 நாட்களுக்குள் போடத் தவறியிருந்தால், வேலை முடிந்த தேதி, பணம் வந்த தேதி இரண்டில் முந்தியது.

ஆகவே காலத்தோடு இன்வாய்ஸ் போட்டு, பணம் பிறகு வருகிற வழக்கமான விற்பனையில், இன்வாய்ஸ் தேதியின் விகிதம்தான். பணம் என்றைக்கு வந்தது, வங்கி என்ன விகிதம் கொடுத்தது என்பதெல்லாம் விற்பனை மதிப்பைத் தொடாது.

கணக்கியல் பக்கமும் இதற்கு இணங்கியே நிற்கிறது. கணக்கியல் தரநிலை 11, பரிவர்த்தனை நடந்த தேதியின் விகிதத்தில் முதல் பதிவைப் போடச் சொல்கிறது. நிதியாண்டு முடியும் நாளில் இன்னும் வராத பாக்கி இருந்தால், அதை மட்டும் அன்றைய விகிதத்துக்கு மாற்றி, வித்தியாசத்தை லாபநட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். விற்பனைத் தொகை அப்படியே இருக்கும்.

சரக்கு அனுப்புகிறவர்களுக்கு அதே 34ஆம் விதி வேறொரு விகிதத்தைக் காட்டுகிறது: சுங்கச் சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியம் அறிவிப்பது. இது தினசரி மாறுவதில்லை. மாதம் இரண்டு முறை வரும். இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று என இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். ஏற்றுமதியாளர் இறக்குமதி நெடுவரிசையைப் பார்த்து எழுதுவதும், புது அறிவிப்பு அமலுக்கு வந்த பிறகு பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பதும்தான் அங்கே நடக்கும் பிழைகள். இனி சேவைக்கே திரும்புகிறேன்.

விகிதம் எங்கிருந்து?

தரநிலை 11 தேதியைச் சொல்கிறதே தவிர, எந்த நிறுவனத்தின் விகிதம் என்று பெயர் சொல்லவில்லை. நடைமுறையில் பலரும் எடுப்பது எஃப்.பி.ஐ.எல். வெளியிடும் குறிப்பு விகிதம். 2018 ஜூலை வரை ரிசர்வ் வங்கியே கணக்கிட்டு வெளியிட்டுவந்த இதை, அதன் பிறகு இந்த நிறுவனம் வெளியிடுகிறது. வேலை நாட்களில் மதியம் ஒன்றரை மணி வாக்கில் வரும். பழைய தேதிகளுக்கும் எடுத்துப் பார்க்கலாம். உங்கள் வங்கியின் அன்றைய விகிதத்தை எடுப்பவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் ஆண்டு முழுவதும் அதையே எடுங்கள். லாபமாகத் தெரியும் நாளில் ஒன்று, அடுத்த நாள் இன்னொன்று என்று தாவினால், பிறகு கேள்வி கேட்பவரிடம் சொல்ல உங்களிடம் பதில் இருக்காது.

விடுமுறை நாளில் விகிதம் வராது. ஞாயிற்றுக்கிழமை தேதியிட்ட இன்வாய்ஸுக்கு அதற்கு முந்தைய வேலை நாளின் விகிதத்தை எடுப்பதே வழக்கம். திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள், அந்த விகிதம் இன்வாய்ஸ் போடும்போது உலகத்திலேயே இல்லை. ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள். புது நிதியாண்டின் முதல் இன்வாய்ஸே இதில் மாட்டும்.

ஜப்பானிய யென்னில் விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: குறிப்பு விகிதப் பட்டியலில் யென், 100 யென்னுக்கு இத்தனை ரூபாய் என்று இருக்கும். அதை ஒரு யென்னின் விகிதமாக எடுத்தால், தேதி சரியாக இருந்தும் தொகை நூறு மடங்காக வீங்கி நிற்கும். நல்லவேளையாக, அது எவர் கண்ணுக்கும் தப்பாது.

ஒரு விற்பனையை முழுவதும் நடத்திப் பார்ப்போம்

கீழே வரும் விகிதங்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உண்மையான நாட்களின் விகிதங்கள் அல்ல.

மார்ச் 12ஆம் தேதி 5,000 டாலருக்கு இன்வாய்ஸ் போடுகிறீர்கள். வேலை அதற்கு முந்தைய வாரம்தான் முடிந்தது. ஆக 30 நாள் கெடுவுக்குள் இருக்கிறீர்கள். அன்றைய விகிதம் 85.00. விற்பனை 4,25,000 ரூபாய். வாடிக்கையாளர் பாக்கியும் 4,25,000. மார்ச் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் போவது இந்தத் தொகைதான்.

மார்ச் 31 வருகிறது. பணம் வரவில்லை. அன்றைய விகிதம் 85.60. பாக்கி 5,000 டாலரின் மதிப்பு இப்போது 4,28,000. மூவாயிரம் ரூபாய் செலாவணி லாபம், முடிகிற நிதியாண்டில். விற்பனை 4,25,000 என்பதில் கை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏப்ரல் 9 அன்று பணம் வருகிறது. வாடிக்கையாளர் 5,000 டாலர் முழுதாக அனுப்பியிருந்தாலும், வழியில் இடைநிலை வங்கி 25 டாலரை எடுத்துக்கொண்டது. மிச்சம் 4,975 டாலர். உங்கள் வங்கி 85.20க்கு மாற்றி 4,23,870 ரூபாயை வரவு வைக்கிறது.

இப்போது 4,28,000 பாக்கியை மூன்றாகப் பிரித்து முடிக்க வேண்டும். வங்கி வரவு 4,23,870. வங்கிக் கட்டணம் 25 டாலர், அதே 85.20இல் 2,130. மீதி 2,000 ரூபாய் புது நிதியாண்டின் செலாவணி நட்டம், 85.60 என்று வைத்திருந்த பாக்கி 85.20க்கு முடிந்ததால் வந்தது. மூன்றையும் கூட்டினால் 4,28,000 சரியாக வரும்.

விற்பனை 4,25,000, அதில் லாபம் 3,000 கூட்டி, நட்டம் 2,000 கழித்து, கட்டணம் 2,130 கழித்தால் 4,23,870. வங்கியில் வந்த அதே தொகை. நான் முதலில் சொன்னது இதுதான்: போய்ச் சேரும் இடம் ஒன்று, வழியில் எழுத வேண்டியவை நான்கு.

இதையே பணம் வந்த நாளில் 4,23,870 விற்பனை என்று எழுதியவர் என்ன செய்திருக்கிறார்? மார்ச் மாத ஜி.எஸ்.டி. படிவத்தில் ஓர் ஏற்றுமதியையே காணோம். 4,25,000 ரூபாய் விற்பனை ஒரு நிதியாண்டில் இருந்து அடுத்த ஆண்டுக்கு நகர்ந்துவிட்டது. வங்கிக் கட்டணம் என்ற செலவு எங்குமே தெரியாமல் விற்பனைக்குள் கரைந்துவிட்டது. சேவை வழங்குவோருக்கு ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு, சில சிறப்பு வகை மாநிலங்கள் தவிர, 20 லட்சம் ரூபாய். அந்த வரம்பை ஒட்டி நிற்பவருக்கு இந்த நகர்வு, எந்த ஆண்டில் வரம்பைத் தாண்டினார் என்பதையே மாற்றிவிடும்.

முன்பணம் வந்தால் ஒரே இன்வாய்ஸுக்கு இரண்டு விகிதம்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கே. அதே 5,000 டாலர் வேலைக்கு, வாடிக்கையாளர் பிப்ரவரி 3 அன்றே 2,000 டாலர் முன்பணம் அனுப்பியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விகிதம் 86.50. சேவையைப் பொறுத்தவரை, இன்வாய்ஸுக்கு முன்னால் பணம் வந்தால் அந்த அளவுக்கு வழங்கல் நேரமும் முன்னால் வந்துவிடுகிறது. எனவே 2,000 டாலர் 86.50இல் 1,73,000 ரூபாய். மிச்சம் 3,000 டாலர் மார்ச் 12இன் 85.00இல் 2,55,000 ரூபாய். இன்வாய்ஸின் மொத்த மதிப்பு 4,28,000.

மொத்த 5,000க்கும் 85.00 போட்டால் 4,25,000 வரும். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் தவறு. கணக்கியலிலும் முன்பணம் என்பது வர வேண்டிய பாக்கி அல்ல. பொதுவாக அதை ஆண்டு முடிவில் புது விகிதத்துக்கு மாற்றுவதில்லை. வந்த நாளின் விகிதத்திலேயே உறைந்து கிடந்து, வேலை முடிந்ததும் விற்பனையாக மாறும்.

தவறான தேதி எப்படி நுழைகிறது

கவனக்குறைவைவிடக் கருவிகள்தான் இதில் அதிகக் குற்றவாளி. கூகுள் விரிதாளில் விகிதத்துக்காகப் பலர் இப்படி எழுதிவைக்கிறார்கள்:

```
=B2*GOOGLEFINANCE("CURRENCY:USDINR")
```

இது இன்றைய விகிதத்தைக் கொண்டுவரும். நாளைக்குத் திறந்தால் நாளைய விகிதம். ஜூனில் எழுதிய இன்வாய்ஸின் ரூபாய் மதிப்பு டிசம்பரில் வேறாக இருக்கும்; படிவத்தில் கொடுத்த தொகைக்கும் தாளில் இருக்கும் தொகைக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஒருமுறை ஒரு வருடத்து விற்பனையை இப்படி ஒரு தாளில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தத் தொகை மாறியது.

தேதியையும் விகிதத்தையும் எண்களாகவே ஒரு தனித் தாளில் எழுதிவைத்து, அங்கிருந்து எடுப்பதுதான் பாதுகாப்பு. `Rates` என்ற தாளின் முதல் நெடுவரிசையில் தேதி, இரண்டாவதில் விகிதம் இருந்தால், C2இல் உள்ள இன்வாய்ஸ் தேதிக்கு இது போதும்:

```
=XLOOKUP(C2,Rates!A:A,Rates!B:B,"",-1)
```

கடைசியில் இருக்கும் -1, அந்தத் தேதி பட்டியலில் இல்லையென்றால் அதற்கு முந்தைய தேதியின் விகிதத்தை எடுக்கச் சொல்கிறது. விடுமுறைப் பிரச்சினை அதோடு தீர்கிறது. ஆனால் விகிதப் பட்டியலை இரண்டு மாதம் புதுப்பிக்காமல் விட்டால், அதே -1 இரண்டு மாதப் பழைய விகிதத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு மென்பொருளிலும் இதே கதைதான்: அந்தத் தேதிக்கு விகிதம் பதியவில்லை என்றால் கடைசியாகப் பதிந்ததை எடுத்துக்கொள்பவை உண்டு.

அடுத்தது, தேதியின் வரிசை. அமெரிக்க வலைத்தளங்களில் இருந்து இறக்கிய பட்டியலில் மாதம் முன்னால், நாள் பின்னால் இருக்கும். 04/03 என்பது அவர்களுக்கு ஏப்ரல் 3. உங்கள் விரிதாளுக்கு மார்ச் 4. இரண்டுமே செல்லுபடியாகும் தேதிகள் என்பதால் தாள் முனகாது. நாள் 12க்கு மேல் இருக்கும் வரிகள் மட்டும் தேதியாக ஏறாமல் எழுத்தாக நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டியிருந்தால் அதுதான் அறிகுறி.

நேர மண்டலமும் உண்டு. இந்தியாவில் ஏப்ரல் 1 காலை ஒன்பது மணி என்றால் கலிபோர்னியாவில் இன்னும் மார்ச் 31 இரவு எட்டரை. பணப் பரிமாற்றத் தளம் தன் ஊர் நேரத்தில் தேதி போட்டால், புது ஆண்டின் வரவு பழைய ஆண்டுக்குள் போய் விழும். தளத்தின் அமைப்புகளில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று ஆண்டு தொடங்கும் முன்பே பாருங்கள்.

ஏற்கனவே எழுதிய கணக்கைச் சோதிக்க

விரிதாளில் ஒரு புது நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ரூபாய்த் தொகையை டாலர்த் தொகையால் வகுங்கள். கிடைப்பது நீங்கள் உண்மையில் பயன்படுத்திய விகிதம். பக்கத்திலேயே இன்வாய்ஸ் தேதியின் குறிப்பு விகிதத்தை வைத்து, இரண்டின் வித்தியாசத்தைப் பாருங்கள்.

வித்தியாசம் எப்படி இருக்கிறது என்பதில் இருந்தே நோய் தெரிந்துவிடும். மாதம் முழுவதும் ஒரே விகிதம் திரும்பத் திரும்ப வந்தால், மாதக் கடைசியில் மொத்தமாக எழுதியிருக்கிறீர்கள். 84.774 போல, குறிப்பு விகிதத்தைவிடச் சற்றுக் குறைவாகவே எப்போதும் வந்தால், வங்கி வரவை விற்பனையாக எழுதி, கட்டணத்தையும் உள்ளே விழுங்கியிருக்கிறீர்கள். மேலே பார்த்த 4,23,870ஐ 5,000ஆல் வகுத்தால் கிடைப்பது சரியாக அந்த 84.774தான்.

இதைவிடச் சுருக்கமான சோதனை ஒன்று உண்டு. செலாவணி லாபநட்டக் கணக்கைத் திறந்து பாருங்கள். டாலரில் விற்று, பணம் வாரக்கணக்கில் தாமதமாக வந்த ஒரு தொழிலில் அந்தக் கணக்கு ஆண்டு முழுவதும் காலியாக இருந்தால், உங்கள் விற்பனைத் தொகைகள் தவறு. மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை.

திருத்துவது

இன்வாய்ஸில் டாலர்த் தொகை சரியாக இருந்து, ரூபாய் மதிப்பு மட்டும் தவறாகப் போயிருந்தால், வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி.ஆர்-1இல் ஏற்றுமதி இன்வாய்ஸ்கள் அட்டவணை 6ஏயில் இருக்கும். பிந்தைய மாதத்தின் படிவத்தில் அட்டவணை 9ஏ மூலம் அவற்றைத் திருத்தலாம். அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுப் படிவம் தாக்கல் செய்யும் நாள், இரண்டில் முந்தியது வரைதான் அவகாசம். எல்.யு.டி. என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்பவருக்கு இதில் வரிப்பணம் மாறாது, விற்றுமுதல்தான் மாறும். வரி கட்டி ஏற்றுமதி செய்பவருக்கு வரித் தொகையே மாறும். அதை ஆடிட்டரோடு உட்கார்ந்து செய்யுங்கள். மூடிவிட்ட நிதியாண்டின் கணக்கும் அப்படித்தான்.

ஒரு தவறான திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவது அது. உள்ளீட்டு வரியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கும்போது வங்கி கொடுக்கும் அந்நியப் பண வரவுச் சான்றிதழில் 4,23,870 என்றும், படிவத்தில் 4,25,000 என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அதிகாரி ஏற்பார் என்று பயந்து, இன்வாய்ஸ் மதிப்பை வங்கித் தொகைக்கு மாற்றிவிடுகிறார்கள். மாற்றாதீர்கள். சேவை ஏற்றுமதியில், திரும்பப் பெறும் தொகையைக் கணக்கிடும் 89(4) விதியின் சூத்திரமே ஏற்றுமதி விற்றுமுதலை வந்த பணத்தின் அடிப்படையில்தான் எடுக்கிறது. இரண்டு தொகைகளும் வெவ்வேறாக இருப்பது இயல்பு. தேவைப்படுவது ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஒரு வரி: டாலர்த் தொகை, இன்வாய்ஸ் தேதி, அன்றைய விகிதம், ரூபாய் மதிப்பு, பணம் வந்த தேதி, வந்த டாலர், வங்கி கொடுத்த விகிதம், கட்டணம், செலாவணி வித்தியாசம்.

அடுத்த இன்வாய்ஸில் இருந்து அடியில் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்: எந்தத் தேதியின், எந்த விகிதத்தில், எத்தனை ரூபாய் என்று. முன்பணம் இருந்தால் இரண்டு வரிகள். வாடிக்கையாளர் அதைப் படிக்கமாட்டார். பதினெட்டு மாதம் கழித்து அந்த இன்வாய்ஸைக் கையில் எடுக்கும் நீங்கள் படிப்பீர்கள்.